முறுக்கிவிட்ட ஒயர்

மார்ச் மாத வெயிலை நான் மன்னிப்பதாக இல்லை. ஊட்டிக்கு வருகிறவர்களுக்கு அது சுகமான வெயில். எங்கள் கேரட்டை அதுதான் கொன்றது. அதற்குத் துணை போனது நான்.

குத்தகைக்கு எடுத்த சரிவு நிலம் எங்களுடையது. கிணறு கீழே பள்ளத்தில், தொட்டி மேலே உச்சியில். டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், சோலார் பம்புக்கு மனுப் போட்டோம். பார்க்க வந்த டெக்னீஷியன் தம்பி நல்ல விவரமான ஆள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று கேட்டார். பிறகு கிணற்றை இறைத்துவிட்டு, ஊற்று எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஊறுகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். மூன்று எச்.பி. போதும் என்றார்.

என் வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. "ஜூன், ஜூலைல இங்க பனி மூடிக்கிட்டே கெடக்குமுங்க. அஞ்சு போட்டாத்தான் மூணு மாதிரி ஓடும்" என்றார்.

"வெயில் பத்தலைன்னா பேனலைக் கூட்டுங்கண்ணா, பம்பைக் கூட்டாதீங்க. பம்பு கெணத்துக்கு ஏத்ததா இருக்கோணும்" என்றார் தம்பி.

கேட்டோமா? அடம்பிடித்து ஐந்தே வாங்கினோம்.

முதல் மழைக்காலத்தில் அது எங்களைப் பெருமைப்பட வைத்தது. காலையில் பனிமூட்டம் கலையும்வரை மோட்டார் மெதுவாகச் சுற்றும், ஆனால் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது. ஒன்பதரைக்கு மேல் குழாய் இருமும், விரல் தடிமனில் வரும். உச்சிவேளையில் கொட்டும். ஒரு மேகம் கடந்தால் அந்த நொடியே இளைக்கும். நான்கு மணிக்கு ஓய்ந்துவிடும். தொட்டி நிறைந்தது. கிணறும் தாங்கியது.

மார்ச்சில் நிலைமை தலைகீழானது. மேகமே இல்லை, பம்பு முழு வேகத்தில் இழுத்தது. ஊற்றோ வற்றிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கே கிணறு இறங்கிவிடும். உள்ளே தொங்கும் சென்சார், தண்ணீர் தன்னைவிட்டுக் கீழே போனதும் கரையில் இருக்கும் கண்ட்ரோல் பெட்டி வழியாகப் பம்பை நிறுத்திவிடும். அரை மணி நேரம் ஊறினால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நிற்கும். தொட்டி பாதிகூட நிறையவில்லை. "இந்தக் கேரட்டும் கைவிட்டா நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கே போயிடறேன்" என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல் எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

அன்று அவர் பயிருக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். பம்பு நின்றது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் பளபளத்தது. தண்ணீர் இருக்கும்போதே இல்லை என்கிறதே இந்தப் பெட்டி என்று ஆத்திரம் வந்தது. இன்ஜின் காலத்தில் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சியவர்கள் நாங்கள். காற்று இழுக்கும் சத்தம் கேட்டால்தான் நிறுத்துவோம். பெட்டியைத் திறந்தேன். சென்சாரின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றாக முறுக்கிவிட்டேன். தண்ணீர் இருக்கிறது என்று பெட்டி நம்பியது. பம்பு ஓடியது. கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டு மேலே களை எடுக்கப் போனேன்.

இன்ஜினாக இருந்தால் பக்கத்திலேயே நின்றிருப்பேன். இது தானாக ஓடும் என்ற தைரியம்.

கொஞ்ச நேரத்தில் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. மேகம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். வானம் சுத்தமாக இருந்தது. விழுந்தடித்து இறங்கினேன். கிணற்றில் சேறுதான் இருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மறுநாள் தம்பி வந்து பம்பை மேலே இழுத்தார். தண்ணீர்தான் அதைக் குளிரவைப்பது, வெறுமனே ஓடினால் எரியாமல் என்ன செய்யும் என்றார். பெட்டியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"யாருங்க இந்த ஒயரை முறுக்குனது?"

பம்பை இழுத்த கயிற்றை நான் குனிந்து சுருட்டத் தொடங்கினேன்.

"நாந்தானுங்க" என்றார் என் வீட்டுக்காரர். என் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பி போன பிறகு நான் அழுதேன். "ஏனுங்க, நாலு வார்த்தை திட்டியாவது விடுங்க."

"பெரிய பம்பு கேட்டது நானு. உன்னையென்ன திட்டறது" என்றார்.

பம்பைக் கோயமுத்தூருக்கு எடுத்துப் போனார்கள். சரியாகி வர மூன்று வாரம் என்றார்கள். இன்ஜினை எப்போதோ விற்றுவிட்டோம். இரவல் வாங்கினாலும், ஊற்று நாளுக்கு நாள் வற்றிய அந்தக் கிணற்றில் இழுக்க என்ன இருந்தது? குடத்தில் சுமந்து நாலு பாத்தியைக்கூட எங்களால் நனைக்க முடியவில்லை. தழை சாய்ந்தது. ஒன்றைப் பிடுங்கினேன். சுண்டுவிரல் அளவில், நார் நாராக வந்தது. அடுத்த திங்கள்கிழமை அவர் திருப்பூர் பஸ் ஏறினார்.

நான் இப்போது எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறேன். இலை எடை போடும் இடத்தில் பெண்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும் எங்கள் பம்பில் வந்து நிற்கும். "உங்கூட்டுக்காரரு இத்தனை வெவரம் பத்தாத மனுசனா இருக்காரே. ஒயரைப் போயி யாராச்சும் முறுக்குவாங்களா?" என்கிறார்கள்.

அவர் போய் நான்கு மாதம் ஆகிறது. முறுக்கியது நான்தான் என்று இன்னும் ஒருத்தியிடமும் நான் சொல்லவில்லை.