பவுண்டுப் பாக்கெட்

செபஸ்தியான் டீ போடுகிறதைப் பார்க்கவே பாலக்கரையில் ஒரு கூட்டம் நிற்கும். லால்குடிப் பக்கத்து ஆள். வயல் வேலை பிடிக்காமல் திருச்சிக்கு வந்து, ஜங்ஷன் கடையொன்றில் கிளாஸ் கழுவித் தொழில் படித்தவன். ஜெகபர் அலி பாயின் டீக்கடைக்கு அவன்தான் மாஸ்டர். பக்கத்தில் என் சைக்கிள் கடை. அதனால் நடந்ததெல்லாம் என் கண் முன்னாலேயே நடந்தது.

சேர், பவுண்டு எல்லாம் போய் கிலோ வந்துகொண்டிருந்த சமயம். காந்தி மார்க்கெட்டில் தாஜுதீன் மளிகைக் கடையில் பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே பலகையில் இருக்கும். பாய் வழக்கமாக அரைக் கிலோ டீத்தூள் பாக்கெட் வாங்குவார், மூணே முக்கால் ரூபாய். ஒரு நாள் அதே கம்பெனி, அதே சிவப்புத் தாள், மூணரை ரூபாய்க்குக் கிடைத்தது. நாலணா மிச்சம் என்று அன்றிலிருந்து அதையே வாங்கினார்.

அதற்கப்புறம்தான் வம்பு. ஒரு பாக்கெட் ஒரு நாள் ஓடும், கடை சாத்தும் வரைக்கும் தூள் இருக்கும். இப்போது மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடிந்து கடைசியாக வந்து உட்காருகிற நேரத்துக்கே டின் காலி.

"என்ன பாய், டீ தீந்துடுச்சா? வெந்நியாவது குடுங்க, காசு தரோம்" என்று சிரிப்பார்கள். பாய்க்கு முகம் கறுக்கும்.

நாலைந்து நாள் பார்த்தார். அப்புறம் வாய் திறந்துவிட்டார்.

"செபஸ்தி, தூள் எங்கப்பா போவுது?"

"கிளாஸுக்குத்தான் பாய் போவுது. வேற எங்க போவும்?"

"மின்ன பத்துச்சு. இப்ப பத்தல. உள்ள இருக்கிறது நீயும் நானும். நான் எடுக்கல."

செபஸ்தியான் தோளில் இருந்த துண்டை உதறினான். வடிகட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். போய்விட்டான்.

 ஒரு கடையில் திருடன் என்று பெயர் வாங்கினால் அடுத்த கடையில் கிளாஸ் கழுவக்கூட விடமாட்டார்கள். அப்படித்தான் ஆனது. மேலப்புதூர் வரை ஏறி இறங்கினான். அவன் போகும் முன்னாலேயே சேதி போயிருந்தது. கடைசியில் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கினான்.

பாயே டீ போட்டார். அன்றைக்கும் கடை சாத்தும் முன்னாலேயே தூள் தீர்ந்தது. மறுநாளும் அப்படியே. அவர் பெண்சாதி ஜீனத், சோறு கொண்டு வந்தவர், என் காதில் விழும்படியே சொன்னார்: "ஏங்க, இப்ப யாருங்க திருடுறா? நீங்களா?"

பாய், பிரிக்காத ஒரு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தாஜுதீனிடம் சண்டைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"எடை குறைச்சலா குடுக்கிறியா நீ?"

"அல்லாவே, கம்பெனி ஒட்டின பாக்கெட் பாய்!" தாஜுதீன் தூளைத் தராசில் கொட்டினார். எதிர்த்தட்டில் ஐந்நூறு கிராம் கல்லை வைத்தார். கல் இருந்த தட்டு தரையைத் தொட்டது. தூள் பக்கம் இருபது, இன்னொரு இருபது, ஓர் ஐந்து, கடைசியாக ஒரு கிராம் என்று கல் சேர்த்த பிறகுதான் முள் நடுவில் வந்தது.

"சரியாத்தான் இருக்கு. இது பவுண்டு பாக்கெட்டு. இதோ போட்டிருக்கே. நானூத்தம்பத்தி நாலு கிராம்."

"பவுண்டும் அரைக் கிலோவும் ஒண்ணுதானேய்யா?"

"யாரு சொன்னா? விலை கம்மின்னு நீங்கதான எடுத்தீங்க. கிலோவுக்குக் கணக்குப் பாருங்க. அரைக் கிலோ மூணே முக்கால், அப்ப கிலோ ஏழரை. இதுல ரெண்டு பவுண்டு ஏழு ரூபா. ஆனா கிலோவுக்கு இன்னும் தொண்ணூத்திரண்டு கிராம் வேணும். நூறு கிராம் எழுபத்தேழு காசு விழுது, அப்ப அதுக்கு எழுபத்தோரு காசு. ஆக ஏழு ரூபா எழுபத்தொண்ணு. இதுதான் பாய் விலை கூட."

தூள் பக்கம் சேர்த்த அந்தச் சின்னக் கற்களைப் பாய் கையில் எடுத்தார். தினமும் பதினெட்டு, இருபது கிளாஸ் தூள். செபஸ்தியான் தின்றதாக அவர் நினைத்தது அதுதான்.

அங்கிருந்து நேரே வெங்காய மண்டிக்குப் போனோம். செபஸ்தியான் மூட்டையை இறக்கிவிட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அத்தனை கூலிகளுக்கும் கேட்கும்படி பாய் சத்தமாகச் சொன்னார்:

"செபஸ்தி, நீ எடுக்கல. பாக்கெட்டே சின்னது. நான்தான் பாக்காம வாங்கிட்டேன்."

"இதை நம்ம கடை வாசல்லயும் சொல்லணும் பாய்."

"சொல்றேன்."

"மேலப்புதூர்லயும்."

"அங்கயும் வரேன். கையைக் கழுவிட்டு வா, முதல்ல."

அன்று சாயங்காலம் கடைக்கடையாக இரண்டு பேரும் போனார்கள். பாய் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். மறுநாள் செபஸ்தியான் அடுப்படிக்கு வந்தான். பாய் வாங்கி வந்த பாக்கெட்டைப் பிரிக்கும் முன் திருப்பி, எடை போட்டிருக்கிற இடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகுதான் பாலை அடுப்பில் வைத்தான்.