ஒரு தட்டுக்கு ஒரு தாவல்

எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் விரல் வேகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் என்னைக் குழியில் தள்ளியது.

தெருமுனையில் ஓர் அக்கா இருந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்; கணவர் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். அவர் அனுப்பிய சின்னக் கம்ப்யூட்டரை அக்கா எங்கள் தட்டச்சுப் பள்ளிக்கு இரவல் கொடுத்திருந்தார். டி.வி.யில் சொருகி, கேசட்டில் பாட்டுக்குப் பதில் புரோகிராமைப் பதிந்து வைக்கும் ரகம். தட்டச்சுக்கு ஆள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினால் நான் நீடிக்கலாம், இல்லாவிட்டால் வேலைக்கு முழுக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போனால் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தவிர வேறு பேச்சே இருக்காது. முதலாளியின் மனத்தைக் கரைக்க நானே ஒரு விளையாட்டு எழுதினேன். வயல் வரப்பில் ஓடும் ஆடு, இடைவெளி விசையைத் தட்டினால் வாய்க்காலைத் தாண்டும். இரண்டு வாரம் நான் விளையாடிப் பார்த்ததில் ஆடு ஒரு முறைகூடத் தண்ணீரில் விழவில்லை.

முதலாளி வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலை விசைமேல் வைத்து ஊன்றினார். ஆடு முதல் வாய்க்காலைத் தாண்டி, கால் ஊன்றியதும் மறுபடி எகிறி, அடுத்த வாய்க்காலுக்குள் விழுந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். புது ஆடு வந்தது. யாரும் தொடாமலே அதுவும் எகிறியது.

"ஒரு தடவ அமுக்குனா ஒரு தடவ குதிக்கத் தெரியாத மெஷின வச்சுக்கிட்டு யாருக்குங்க பாடம் நடத்தப் போறீங்க?" என்றார். வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்தார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது, அவர் மேல்தான். தட்டத் தெரியாத மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரோடு வந்த கைப்புத்தகம் முழுக்கப் பிரெஞ்சு. அக்காவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பட்டாணி உரித்துக்கொண்டே விசைப்பலகைப் பக்கத்தை வாசித்துச் சொன்னார்.

"விசைய அமுக்கிப் புடிச்சா, கொஞ்ச நேரம் கழிச்சு அதே எழுத்து திரும்பத் திரும்ப வருமாம். புரோகிராம் எடுத்துக்கிற வரைக்கும் எல்லாம் வரிசையா காத்துக்கிட்டு இருக்குமாம்."

எனக்குச் சுரீரென்றது. தட்டச்சுப் பொறியில் விசையை ஊன்றினாலும் எழுத்து ஒன்றுதான் விழும். அந்தப் பழக்கத்தில் நான் தொட்ட வேகத்தில் கையை எடுத்துவிடுவேன். எழுத்து பெருக நேரமே இல்லை. ஊன்றுகிறவர்களுக்குத்தான் ஆடு பைத்தியம் பிடித்து ஆடும். தப்பு அவர் விரலில் இல்லை, நான் எழுதியதில்.

ஆடு தரையிறங்கியதும் வரிசையைக் காலி செய்ய ஒரு வரி சேர்த்தேன். யாரும் தொடாதபோது குதிப்பது நின்றது. ஆனால் விசையை ஊன்றியபடியே இருந்தால் புது எழுத்து வந்து மறுபடி எகிறியது. அழுகையே வந்துவிட்டது.

மறுநாளும் அக்காவிடம் போனேன். "உனக்காக இன்னும் ரெண்டு பக்கம் படிக்கிறேன், மூக்க உறிஞ்சாத," என்றார். எழுத்துக்குக் காத்திராமல், ஒரு விசை இந்த நொடி கீழே இருக்கிறதா என்று நேராகக் கேட்கும் கட்டளை அங்கே இருந்தது.

விளையாட்டு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விசையைப் பார்த்து, ஆட்டை நகர்த்தி, படத்தைப் போட்டு, மறுபடி தொடங்கும். ஒருவர் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் பல சுற்று ஓடிவிடும். அதனால் கீழே இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. போன சுற்றில் எப்படி இருந்தது என்பதையும் ஞாபகம் வைக்க வேண்டும். போன சுற்றில் மேலே, இப்போது கீழே என்றால்தான் தாவல். இரண்டு சுற்றிலும் கீழே என்றால் ஆடு சும்மா ஓடட்டும். அந்த ஞாபகத்தை ஆடு அந்தரத்தில் இருக்கும்போதும் சுற்றுக்குச் சுற்று புதுப்பித்தேன். இல்லாவிட்டால் நடுவில் விரலை எடுத்தது புரோகிராமுக்குத் தெரியாமல் போய்விடும்.

வெள்ளிக்கிழமை முதலாளி பழையபடி கட்டைவிரலை ஊன்றினார். ஆடு ஒரே தாவலில் கரையேறி ஓடியது. வேண்டுமென்றே விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். ஆடு தாவவில்லை. விரலை எடுத்து மறுபடி அழுத்தினார். தாவியது, ஒரே ஒரு முறை.

"திங்கக்கிழமலேர்ந்து நீங்கதான் கம்ப்யூட்டர் டீச்சர்," என்றார்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "நான் படிச்சுத்தானே சொன்னேன், எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்று சிரித்தார். தனக்கு விளங்காத ஒன்றை, எனக்காக, இரண்டு நாள் வரி விடாமல் வாசித்திருக்கிறார். இருபத்து மூன்று வயதில் என் சம்பளம் என் கையிலேயே நின்றது அவரால்தான். அன்று அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.