முகத்தில் தூவிய புள்ளிகள்

எனக்குப் பொறுமை கிடையாது. புத்தூரில் எங்கள் ஸ்டூடியோ படியேறுகிற எல்லோருக்கும் இது தெரியும். கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம் கல்யாணமாக அலைவது வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகங்களைத் துடைத்து, வெளுப்பாக்கி, மழமழவென்று அனுப்புவது நான். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மழமழப்பு வேண்டும். பரு தெரிந்தால் சண்டை, சுருக்கம் தெரிந்தால் பெரிய சண்டை. அதனால் எந்தப் படம் கைக்கு வந்தாலும் முதல் வேலையாகத் துடைத்துவிடுவேன். யாரும் கேட்கக்கூட வேண்டாம், கை தானாகப் போகும்.

விஜயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தப் பெண் வந்தபோதும் கை அப்படித்தான் போனது. அவளுக்குத் திருமலையில் கல்யாணம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த பெண்ணைக் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு அழைத்து, புடவையும் பூவும் வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அந்த வீட்டில் அப்படிப் போனவள் இவளுடைய அம்மாதான். மஞ்சள்காமாலை. இவளுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

"படையல்ல அம்மா படம் வெக்கணும் க்கா. எனுக்கு அவங்க முகமே தெரியாது. ஆல்பத்த செல்லு அரிச்சிட்ச்சி. இது ஒன்னுதான் கீது" என்று ஒரு பென் டிரைவை நீட்டினாள்.

அவளுடைய மாமன் கல்யாண வீடியோ. பழைய கேசட்டிலிருந்து யாரோ காப்பி பண்ணியது. சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையாகப் போகிறார்கள். ஒருத்தி மட்டும் கேமரா பக்கம் திரும்பி, சிரித்து, போய்விடுகிறாள். அவள்தான் அம்மா என்று பெரியம்மா காட்டிக்கொடுத்தாளாம். இரண்டு நொடி இருக்கும். மற்றபடி அவள் முதுகும் கொண்டையும்தான்.

"உங்க நைனாகிட்ட வேற படம் இல்லியா?"

"அவரு அம்மாவப் பத்திப் பேசவே மாட்டாரு க்கா. கேட்டா எழுந்து கொல்லி வேலைக்குப் பூடுவாரு."

இரண்டு நொடியில் ஓரளவு நிலையாக இருந்த ஒரே ஒரு காட்சியைப் பிடித்தேன். முகம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பொரிந்துகிடந்தது. எங்கள் தொழிலில் அதை நாய்ஸ் என்போம். அதை ஒரு புள்ளி விடாமல் எடுத்தேன். பிறகு எட்டு மடங்கு பெரிதாக்கினேன். முகத்தைச் சீராக்க ஒரு பட்டன் உண்டு. படத்தில் இல்லாததை எல்லாம் அதுவே யோசித்து வரைந்துகொள்ளும். அதையும் அமுக்கினேன். பளபளப்புத் தாளில் பிரிண்ட் போட்டு, ஒரு காப்பி அவள் போனுக்கும் அனுப்பினேன்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா இவ்ளோ அழகா இருந்தாங்களா க்கா?" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. பெருமை வேறு. வீட்டுக்காரரிடம் அன்றைக்கு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை போன் வந்தது. குரலே சரியில்லை.

"நைனா படத்தப் பார்த்துட்டு, யாரு இதுன்னு கேக்கறாரு க்கா. அம்மா இல்லியாம். அத்த, பெரியம்மா எல்லாரும் அவதான்றாங்க. இவரு மட்டும் படம் வேணாம், யாருன்னு தெரியாதவளுக்குப் புடவ வெக்க முடியாதுன்னு சொல்லிக்கினு கீறாரு. எனுக்கு வந்த கோவத்துல, அம்மாவையே மறந்துட்டியா நைனான்னு கேட்டுட்டேன். எழுந்து கொல்லிக்குப் போனவருதான். துன்னவும் வர்ல."

எனக்கும் கோபம்தான் வந்தது. அவ்வளவு வேலை செய்திருக்கிறேன், இந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? போனை வைத்த கையோடு படத்தைத் திறந்து, பக்கத்தில் பழைய வீடியோவையும் ஓட்டினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டத்தான் ஓட்டினேன்.

ஐயோ என்று ஆகிவிட்டது. வீடியோவில் அவள் சிரிக்கும்போது இடது கண் கொஞ்சம் சின்னதாகிறது. நான் கொடுத்த படத்தில் இரண்டு கண்ணும் அளந்து வைத்ததுபோல ஒரே அளவு. பல்வரிசை விளம்பரப் பல்வரிசை. கன்னம் பிளாஸ்டிக் குடம். துணிக்கடை வாசலில் புடவை கட்டி நிற்கிற பொம்மைக்கு உயிர் வந்தால் இப்படி இருக்கும். இப்படி ஒரு பெண் உலகத்தில் பிறந்ததே இல்லை. இல்லாத ஒருத்தியைக் காட்டி, தாய்முகம் தெரியாத பிள்ளையை அழவைத்திருக்கிறேன். ச்சீ என்று இருந்தது.

படையலுக்கு மூன்று நாள்தான். வேறு வேலை எதையும் தொடவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்வேன், பாதியில் மறந்துவிடுவேன்.

முகம் வரைகிற பட்டனை முதலில் அணைத்தேன். நாய்ஸை முழுக்க எடுக்காமல் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினேன். அந்தக் கண் திரும்பி வந்தது. ஆனால் பெரிதாக்கியதும் மறுபடி மெழுகு. முகம் அவளுடையதுதான், தோல் மட்டும் யாருடையதும் இல்லை. ஒரு மேடுபள்ளம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பார்க்கிற கண் எங்கேயும் நிற்கவில்லை.

இதற்கு வழி எனக்குத் தெரியும். பழைய பிலிமில் இருக்குமே பொடிப் பொடியான மணல், அதைக் கொஞ்சமாகத் தூவ வேண்டும். இத்தனை வருஷமாகப் புள்ளி எடுத்தே பழகியவள் நான், போட்டதில்லை. அவசரத்தில் சின்னப் படத்திலேயே தூவிவிட்டுப் பிறகு பெரிதாக்கினேன். படத்தோடு புள்ளியும் எட்டு மடங்கு பெருத்துப்போய், முகமெல்லாம் புழு நெளிகிறது! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். எடுக்க வேண்டியதை எடுத்து, பெரிதாக்க வேண்டியதைப் பெரிதாக்கி, கடைசி அளவுக்கு வந்த பிறகுதான் தூவ வேண்டும்.

அப்படியே செய்தேன். கலர்ப் புள்ளி போட்டால் பழைய அழுக்கு திரும்பியதுபோல் இருந்தது. அதனால் நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தில் மட்டும் ஏற்ற இறக்கம் வரும்படி போட்டேன். கன்னம், நெற்றி மாதிரி நடுத்தர வெளிச்சத்தில் கொஞ்சம் தூக்கலாக, கூந்தல் கருப்பிலும் பூவின் வெள்ளையிலும் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. ஸ்கிரீனில் நன்றாக வந்தது. எங்கள் சின்ன மெஷினில் ஒரு துண்டு பிரிண்ட் எடுத்தால் புள்ளி மாயம். தாளில் அமுங்கிவிடுகிறது. ஒரு பிடி கூட்டினேன். இப்போது கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளி தெரியாமல் தோல் மட்டும் தெரிந்தது.

படையலில் வைக்கிற பெரிய பிரிண்டுக்குத் திருப்பதி லேபுக்குத்தான் போக வேண்டும். மெயிலில் அனுப்பிவிட்டு, வியாழக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். உறையைப் பிரித்தால் மறுபடி அதே மெழுகு!

லேபில் இருந்தவர் சிரித்த முகத்தோடு, "நாய்ஸ் ஜாஸ்தி உந்தி கதக்கா, நேனே தீசேசானு" என்றார். புள்ளி அதிகமாக இருந்ததால் அவரே எடுத்துவிட்டாராம். எனக்கு உதவி பண்ணியிருக்கிறார். நான் இருபது வருஷமாக எல்லோருக்கும் பண்ணுகிற உதவி.

"அய்யோ மகானுபாவா! அது நேனே வேசானு!" என்று கத்தினேன். அதைப் போட்டதே நான்தானே! கடையில் இருந்த யாத்ரிகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலை மெனக்கெட்டு ஒருத்தி நாய்ஸ் போடுவாளா என்று அவர் முழித்தார். பக்கத்திலேயே நின்று, எதையும் தொடாதே தொடாதே என்று சொல்லி, மினுமினுப்பு இல்லாத தாளில் இன்னொன்று போட வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனசு நிலைகொள்ளவில்லை. மடியில் இரண்டு பிரிண்ட். இரண்டும் ஒரே முகம், ஒரே கண். ஒன்றில் என் புள்ளி இருக்கிறது, ஒன்றில் இல்லை. அந்தப் புள்ளி அவளுடையது இல்லையே. கேசட்டில் இருந்ததை எடுத்து எறிந்துவிட்டு, கம்ப்யூட்டர் போட்டதைத் தூவியிருக்கிறேன். முதல் தடவை பொய்ம்முகம் கொடுத்தேன், இப்போது பொய்த்தோல் கொடுக்கிறேனா? மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அந்த வீட்டில் கலசத்துக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தார்கள். புடவையும் வளையலும் தட்டில் தயாராக இருந்தன. அவளுடைய அப்பா வாசலிலேயே நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே வரச் சொல்லி மகளும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் பேசி மூன்று நாளாகிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

எது எது என்று சொல்லாமல் இரண்டு படத்தையும் அவர் கையில் கொடுத்தேன். மேலே இருந்தது லேப்காரர் துடைத்தது. அதைப் பார்த்தார், நெற்றி சுருங்கியது. எடுத்துக் கீழே வைத்தார். இரண்டாவதைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இவதான்" என்றார்.

"ரெண்டும் ஒரே படம்தான் ண்ணா. இதுல கீற புள்ளி மட்டும் நான் போட்டது. கேசட்டுல இருந்தது இல்ல. அத சொல்லணும்னுதான் வந்தேன்."

"இருந்துட்டுப் போவுதும்மா. இதப் பார்த்தா மனுஷி மாதிரி கீது. தோ பாரு, இந்தக் கண்ணு. சிரிச்சா சின்னதாப் பூடும். கிண்டல் பண்ணா மூணு நாளு பேச மாட்டா."

மகள் கையில் பூவோடு எழுந்து வந்தாள். "இத ஏன் நைனா எனுக்கு இத்தினி நாளா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? மொதல்ல அழுக வரும், அதான் எழுந்து பூடுவேன். அப்பறம், நெனச்சிப் பார்த்தாகூட முகம் சரியா வர்ல. நீ கேட்டியே, மறந்துட்டியான்னு. அந்த மொதல் படத்தப் பார்த்துட்டு நானும் அதேதான் நெனச்சேன். ஊரே அவதான்னு சொல்து, எனுக்கு மட்டும் தெரில. கட்னவ முகத்தையே மறந்துட்ட பாவி ஆயிட்டன்னு கொல்லியில போய்க் குந்திக்கினு..."

எனக்கு அந்த இடத்தில் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. மகளைத்தான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த மனுஷனிடம் மிச்சமிருந்த ஒரே முகத்தையும் நான் அழிக்கப் பார்த்திருக்கிறேன்.

அவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "நான்தான் தெரியாம பேசிட்டேன், வுடு நைனா" என்றாள். பிறகு படத்தைக் கொண்டுபோய்க் கலசத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். புடவைத் தட்டை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். பெண்கள்தான் வைப்பது வழக்கம் என்று அத்தை முணுமுணுத்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அவர் தட்டைப் படத்துக்கு முன்னால் வைத்தார். படையலுக்கு வா என்று மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா வாயால் அந்தப் பெயரை மகள் கேட்டது அன்றைக்குத்தான்.