திட்டத்தில் இரண்டு பேர், கதிரையில் ஒருவர்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ரொறன்ரோ நகர மையத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் நான் திட்ட ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. யார் எந்தக் கிழமை எதைச் செய்ய வேண்டும் என்று கொம்பியூட்டரில் எழுதி வைப்பதும், அது நடக்காதபோது ஏன் நடக்கவில்லை என்று போய்க் கேட்பதும்தான் வேலை. கேள்வி கேட்பது எனக்கு எப்போதும் கைவந்த கலை. என் கணவரைக் கேட்டால் அதற்குச் சம்பளமும் தருகிறார்களா என்பார்.

அப்போது எல்லோரையும் போல நாங்களும் இரண்டாயிரம் ஆண்டுப் பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். பழைய புரோகிராம்களில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்ததும் கொம்பியூட்டர் அதை ஆயிரத்துத் தொளாயிரம் என்று எடுத்துக்கொண்டால், முதியவர் ஒருவர் பிறக்காத பிள்ளை ஆகிவிடுவார். அந்த வரிகளையெல்லாம் தேடித் திருத்தி அடுத்த மார்ச் முடிவுக்குள் கொடுக்க வேண்டும். மிச்ச மாதங்கள் பரிசோதனைக்கு.

இரண்டு அணிகள் இருந்தன. பதினோராம் மாடியில் இழப்பீட்டு அணி, அதற்குத் தலைவி ஒரு ஸ்கொட்லாந்துக்காரி. ஒன்பதாம் மாடியில், நான் இருந்த மாடியிலேயே, கட்டண அணி, அதற்குத் தலைவர் ஒரு கயானாக்காரர். இருவரும் தங்கள் வேலைகளைப் பட்டியல் போட்டு, இது இத்தனை மணித்தியாலம், இது இன்னாருக்கு என்று எழுதித் தருவார்கள். நான் இரண்டையும் ஒரே திட்டமாகக் கோப்பேன். ஒருவரின் தலையில் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை ஏறினால் திட்டமிடும் புரோகிராம் அவருடைய பெயரைச் சிவப்பில் காட்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். என் திட்டத்தில் பத்துக் கிழமையாக ஒரு சிவப்பும் இல்லை. அந்தப் பெருமையை நான் ஒளித்து வைக்கவும் இல்லை.

கட்டண அணியில் ஒரு தமிழ்ப் பெடியன் இருந்தான். ஒப்பந்தத்தில் வந்தவன், முப்பது வயதுக்குள். என் கதிரைக்குப் பின்னால் இரண்டு தடுப்புத் தள்ளி அவனுடைய மேசை. என்னை அக்கா என்பான். தாயும் தங்கச்சியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட ஸ்பொன்சர் பத்திரம் போட்டிருந்தான். டிசம்பரில், இந்த வேலை தொடர்கிறது என்று கம்பனி எழுதிய கடிதத்தை அனுப்ப வேண்டும். ஒப்பந்தமோ நவம்பர் முடிவில் முடிகிறது. புதுப்பித்தால் கடிதம் வரும், இல்லாவிட்டால் பத்திரம் அப்படியே கிடக்கும். இதை அவன் முறைப்பாடாகச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் நான் துருவித் துருவிக் கேட்டதால் சொன்னான்.

பதினோராம் மாடியிலும் ஒரு தமிழர் இருக்கிறார் என்று நம்பியிருந்தேன். இழப்பீட்டு அணியின் பட்டியலில் ஒரு நீளமான பெயர் இருந்தது, நம்மவர் பெயர் என்று பார்த்தவுடன் தெரியும். ஒரு நாள் மேலே போய் எந்த ஊர் என்று விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். போக நேரம் கிடைக்கவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்கொட்லாந்துக்காரி என் மேசைக்கு வந்து அந்த நீளப் பெயர்க்காரரைப் பற்றிப் பொரிந்து தள்ளினார். நல்ல மனிதர்தான், ஆனால் சரியான மந்தம், ஒரு கிழமை வேலைக்கு இரண்டு கிழமை எடுக்கிறார், திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று மனேஜரிடம் சொல்லப் போகிறேன் என்றார். அவர் போய் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, கயானாக்காரர் வந்தார். அவருடைய அணியில் எங்கள் பெடியனும் பிந்துகிறானாம். அவர் மென்மையானவர், கவலையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஒரே நாளில் இரண்டு தமிழர் மந்தம் என்று கேட்டதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. பதினோராம் மாடிக்காரரை எடுத்து, என்ன நடக்கிறது என்று நேரடியாகவே கேட்போம் என்று பட்டியலில் இருந்த ரெலிபோன் இலக்கத்தை அழுத்தினேன். மணி என் காதுக்குள் அடித்தது. எனக்குப் பின்னால் இரண்டு தடுப்புத் தள்ளியும் அடித்தது. "ஹலோ" என்ற குரல் இரண்டு பக்கத்தாலும் வந்தது.

நான் ரிசீவரை வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. கனடாப் பத்திரங்களில் எது எந்தப் பெட்டிக்குள் விழும் என்பது அன்றைக்கு அங்கே இருந்த உத்தியோகத்தரைப் பொறுத்தது. அவனைப் பதினோராம் மாடி, சம்பளப் பட்டியலில் இருந்தபடி தகப்பன் பெயரால் அறிந்திருந்தது. ஒன்பதாம் மாடி, அவனுடைய சொந்தப் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிட்டது. இரண்டு தலைவர்களும் தங்களுக்குத் தெரிந்த பெயரை எழுதித் தந்தார்கள். நான் இரண்டையும் இரண்டு ஆட்களாகப் பதிந்தேன். புரோகிராமுக்கு இரண்டு பெயர் என்றால் இரண்டு பேர். ஆளுக்குக் கிழமைக்கு நாற்பது மணித்தியாலத்துக்குள், இரண்டு பேரும் கறுப்பு எழுத்தில் நிம்மதியாக இருந்தார்கள்.

வேறு யாராவது இந்தப் பிழையை விட்டிருந்தால் மன்னிக்கலாம். வங்கியில் என்னையே இருபது தடவை என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் எழும்பிப் போயிருக்கிறேன்.

"தம்பி, மேல் மாடி வேலையும் உம்மட்டையோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. காலமை இது, பின்னேரம் அது. செய்யலாம்."

சனிக்கிழமையும் வருகிறான் என்பது இன்னும் இரண்டு கேள்வி கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒப்பந்தம் கிழமைக்கு நாற்பது மணித்தியாலத்துக்கு மேல் எழுத விடாது. ஆகவே ரைம்ஷீட்டில் இங்கே இருபது, அங்கே இருபது என்று எழுதியிருந்தான். தங்களுக்கு முழு ஆள் கிடைத்திருக்கிறார் என்று நினைத்த இரண்டு தலைவர்களுக்கும் பாதி வேலைதான் தெரிந்தது. மந்தம் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

என் இடத்துக்குத் திரும்பி வந்து, நீளப் பெயரில் இருந்த வேலைகளையெல்லாம் அவனுடைய பெயருக்கு மாற்றினேன். பெயர் சிவந்தது. ஆள்வாரியான வரைபடத்தைத் திறந்தேன். நாற்பதில் போட்ட கோட்டுக்கு மேலே செப்டம்பரில் இருந்து ஒவ்வொரு கிழமையும் எழுபது, எழுபத்தாறு என்று தூண் தூணாக நின்றது. பத்துக் கிழமையாக அது என் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டியது.

தானாகச் சமப்படுத்தும் கட்டளை ஒன்று உண்டு. அதை அழுத்தினேன். சிவப்பு மறைந்தது. திட்டம் முடியும் நாள் மார்ச் முடிவில் இருந்து ஜூன் நடுவுக்கு ஓடிவிட்டது. புரோகிராமுக்கு வேலைகளைப் பிந்தப் போட மட்டுமே தெரியும். அதே வேலையை இன்னொருவர் செய்யலாம் என்பது அதற்குத் தெரியாது. கட்டளையைத் திருப்பி எடுத்துவிட்டுக் கையால் தொடங்கினேன்.

முதலில், எந்தெந்த வேலைகள் பிந்தினால் முடிவு நாள் பாதிக்கப்படாது என்று பார்த்தேன். ஆண்டறிக்கை அச்சடிக்கும் புரோகிராம்களுக்காகப் பெப்ரவரி வரை யாரும் காத்திருக்கவில்லை. அவற்றை ஜனவரிக்குத் தள்ளினேன். பிறகு, யாரிடம் இடம் இருக்கிறது என்று பார்த்தேன். கட்டண அணியில் ஒரு போர்த்துக்கேயப் பெண்ணுக்குக் கிழமைக்கு இருபத்திரண்டு மணித்தியால வேலைதான் இருந்தது. சிவப்பை மட்டுமே தேடும் என்னைப் போன்றவர்கள் கோட்டுக்குக் கீழே நிற்பவர்களைக் காண்பதில்லை. அவருக்கு மூன்று வேலைகளை மாற்றினேன். இழப்பீட்டு அணியின் பரிசோதனைத் தரவுகளைத் தயாரிக்க எங்கள் பெடியன் தேவையே இல்லை. அதை, அவனுடைய வேலை முடியட்டும் என்று காத்திருந்த இன்னொருவருக்குக் கொடுத்தேன். திகதிக் கணக்குப் போடும் பொதுப் பகுதி மட்டும் அவனால்தான் முடியும், இரண்டு அணியின் மிச்ச வேலைகளும் அதற்குப் பின்னால்தான் நின்றன. அதை முதலுக்கு எடுத்தேன். எல்லாம் முடிய, ஒரு கிழமை மட்டும் நாற்பத்து நான்கில் நின்றது. முடிவு நாள் நான்கு வேலை நாட்கள் பிந்தியது.

இதைக் காதும் காதும் வைத்த மாதிரி முடித்திருக்கலாம். புதிய திட்டத்தைத் திங்கட்கிழமை கொடுத்தால் யாரும் பழையதைத் தேடி எடுக்க மாட்டார்கள். அந்த மாடியில் திட்டம் போடும் வேலைக்கு வந்த முதல் தமிழாள் நான், என் கொப்பியில் பிழை இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. யூனியன்வில்லில் அப்போதுதான் கடனுக்கு வீடு வாங்கியிருந்தோம், வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. சனி ஞாயிறு முழுவதும் வீட்டில் எல்லோரோடும் எரிந்து விழுந்தேன். ஆனால் நான் வாயைத் திறக்காவிட்டால் அவன் மந்தமானவனாகவே வீட்டுக்குப் போவான். அதைப் பூசி மெழுக ஒரு வழியும் இருக்கவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஸ்கொட்லாந்துக்காரி பேசத் தொடங்க முன்னர் தூண்கள் நின்ற பழைய வரைபடத்தையும் புதியதையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். இந்த இரண்டு பேரும் ஒரே ஆள், இரண்டு பேராகப் பதிந்தது நான், அவரில் பிழை ஒன்றும் இல்லை என்று சொன்னேன். மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தூண்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். இரண்டு அணித் தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்துக் கிழமை ஒரே ஆளைப் பங்கு போட்டிருக்கிறோம் என்பது அவர்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. மனேஜர் என்னிடம், இது பாரதூரமான பிழை, உங்கள் கோப்பில் ஒரு குறிப்பு எழுதுவேன் என்றார். எழுதவும் செய்தார். ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கச் சொன்னார். புதிய திட்டத்தை ஒரு மாற்றமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

மத்தியானம் அவனுடைய மேசைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடிதமும் இந்தக் கிழமை வரும் என்றேன். துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் நான் கொண்டுபோன பழைய வரைபடத்தைக் கையில் வாங்கி, எழுபதைத் தொட்ட தூண்களையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பொறுமை போய்விட்டது. இவ்வளவு வேலையைத் தலையில் கட்டினார்களே, ஒரு வார்த்தை சொல்ல உமக்கு வாய் இல்லையோ என்று கேட்டேன்.

"எனக்கு என்னெண்டு தெரியும் அக்கா?" என்றான். "இஞ்ச எல்லாரும் இவ்வளவு வேலை செய்யினம், எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு எண்டு நினைச்சன். அம்மாவுக்கும் அப்பிடித்தான் சொன்னனான். நான் உதுக்கு லாயக்கில்லைப் போல எண்டு."

மன்னித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, தாய்க்கு அனுப்பிக் காட்ட அந்தத் தாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.