கரண்டியக்காவும் காலிப் பட்டியலும்

எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாதபோது அவரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? பெரிய நூல்களில் தேடினாலும் நேரான விடை கிடைக்காத கேள்வி இது. கரண்டியக்காவின் தலையில் அது தினமும் காலையில் வந்து விழுந்தது. அவளும் தினமும் ஏதோ ஒரு விடை சொல்லி ஒப்பேற்றினாள். சில நாள் சரியாக வந்தது, சில நாள் வரவில்லை.

குளிர்கிடங்குகளுக்குக் கருவியும் மென்பொருளும் விற்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு உதவி மேசை வேலை. வாடிக்கையாளர்கள் கணினிக் கோட் துண்டுகளை வெட்டி ஒட்டி அனுப்பி விளக்கம் கேட்பார்கள். பதில் எழுதும் முன் அவள், "இவங்க இலை எவ்வளவு பெரிசுன்னு பாத்துத்தான் பரிமாறணும்" என்பாள். அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்து மேசைத் தாடிக்காரர் வைத்த பெயர்தான் கரண்டி. அக்கா என்பது வயதுக்காக ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அவள் அப்படித்தான். பஸ் ஓட்டும் கணவர் போன் ஏன் சூடாகிறது என்று கேட்டுவிட்டு, அவள் பதில் முடிவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். "அம்மா, சின்னக் கரண்டி போதும்" என்று மகள் முன்கூட்டியே சொல்லிவைப்பாள்.

அவளுக்குத் திறமை இருந்தது, ஆனால் அபாரமான திறமை என்று சொல்ல மாட்டேன். அவளிடம் இருந்த அரிய குணம் வேறு. பதில் அனுப்பிய பிறகும் அந்த ஆளை மனத்திலிருந்து இறக்கிவைக்க அவளுக்குத் தெரியாது.

ஒரு நாள் மதியம் மருந்துக் கிடங்கு ஒன்றிலிருந்து ஒரு துண்டுக் கோட் வந்தது. வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. அடியில் ஒரே வரி: இது என்ன செய்கிறது? கிடங்கில் இரண்டு குளிர் அறைகள். ஒவ்வொரு அறையின் வெப்ப அளவையும் ஒரு பட்டியலில் சேர்த்து, கடைசிப் பத்து அளவுகளின் சராசரி எட்டு டிகிரியைத் தாண்டினால் மணியடிக்கச் சொல்லும் ஃபங்ஷன், அதாவது கூப்பிடும்போதெல்லாம் ஒரே வேலையைச் செய்யும் கோட் பகுதி, அது. மறுநாள் காலை புதிய மருந்துச் சரக்கு வருவதாகக் கோரிக்கையின் தலைப்பிலேயே இருந்தது. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காவிட்டால் அவ்வளவும் வீண்.

கோளாறு எதுவென்று அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. பட்டியல் எதுவும் தராமல் கூப்பிட்டால் காலிப் பட்டியலோடு தொடங்கு என்று ஃபங்ஷனின் முதல் வரியில் எழுதியிருந்தது. பார்க்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய காலிப் பட்டியல் கிடைப்பது போலத் தோன்றும். ஆனால் பைத்தான் என்ற அந்தக் கணினி மொழியில் அந்தப் பட்டியல் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. பிறகு யார் கூப்பிட்டாலும் அதே பட்டியல்தான். முதல் அறை பன்னிரண்டு டிகிரிக்கு ஏறி, இரண்டாம் அறை மூன்றில் நின்றால், இரண்டும் ஒன்றாகக் கலந்து சராசரி ஏழரை காட்டும். மணி வாய் திறக்காது.

இதை யாருக்குச் சொல்கிறோம் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. மாறிகளின் பெயர்கள் ஒழுங்காக இருந்தன, ஆனால் அவை எங்கிருந்தாவது எடுத்தவையாகவும் இருக்கலாம். மேற்கோள் குறிகள் வளைந்திருந்தன. ஏதோ கடிதம் தட்டும் மென்பொருள் வழியாக ஒட்டியிருக்கிறார்கள், அப்படியே ஓட்டினால் ஓடாது. வரிக்கு வரி நடுவில், அதுவரை வந்த அளவைத் திரையில் அச்சிட்டுக் காட்டும் ஒரு பிரிண்ட் கட்டளை வேறு. புதிதாகக் கற்பவர்கள்தான் இப்படித் தட்டுத் தடுமாறி நடப்பார்கள் என்று அக்கா முடிவு கட்டினாள்.

தாடிக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு வரி போதும்க்கா. காலி லிஸ்டை எடுத்துட்டு, ஒண்ணும் இல்லைங்கிறதுக்கு 'நன்'னு போடுங்க, உள்ளே புதுசா உண்டாக்குங்க. முடிஞ்சது."

"புரியாதவங்களா இருந்தா?"

"புரியலைன்னா திருப்பிக் கேப்பாங்க."

"புரியாதவங்கதான் திருப்பிக் கேக்கவே மாட்டாங்க" என்றாள் அக்கா. நீ எவ்வளவு படித்தவன் என்று கேட்பதும் அவளுக்குப் பிடிக்காது. கேட்டால் ஒன்று கூட்டிச் சொல்வார்கள், இல்லை முகம் சுளிப்பார்கள். ஆகவே ஃபங்ஷன் என்றால் என்ன என்பதில் தொடங்கி, பட்டியல், சேர்த்தல், சராசரி என்று படிப்படியாக ஏறி, கடைசிப் பத்தியில் கோளாறுக்கு வந்து சேர்ந்தாள். பெரிய கரண்டியால் நிறைவாகப் பரிமாறிய திருப்தியோடு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் பதில் வந்தது: நன்றி. கோரிக்கை மூடப்பட்டது.

தாடிக்காரர் சிரித்தார். "சாப்பிட்டு எழுந்துட்டாங்க, விடுங்க."

அக்காவால் விட முடியவில்லை. அவ்வளவு நீளமான விளக்கத்துக்கு ஒரு சந்தேகம்கூட வராதது இயல்பாக இல்லை. அந்தக் கோட் துண்டை மறுபடி திறந்து, இம்முறை தான் சொல்ல நினைத்ததை மறந்து, அவர் எழுதியதை மட்டும் படித்தாள். பிரிண்டுகளில் ஒன்று அளவை அச்சிடவில்லை. பட்டியலின் அடையாள எண்ணை, அதாவது இது எந்தப் பட்டியல் என்று காட்டும் எண்ணை, அச்சிட்டது. இரண்டு அறைக்கும் ஒரே பட்டியலோ என்று சந்தேகப்பட்டவரைத் தவிர யாரும் அந்த வரியை எழுத மாட்டார்கள். கோளாறின் வாசல்வரை தானே வந்து நின்ற மனிதருக்கு அவள் தெருமுனையிலிருந்து வழி சொல்லியிருக்கிறாள்.

உடனே போன் போட்டாள். எடுத்தவர் கிடங்கின் பராமரிப்புப் பொறுப்பாளர், குரலில் வயது தெரிந்தது.

"சார், நான் அனுப்பினதை முழுசாப் படிச்சீங்களா?"

"மூணு வரி படிச்சேன் மேடம். ஃபங்ஷன்னா என்னன்னு ஆரம்பிச்சிருந்தீங்க. கருவிக்குள்ளே போற கோட் எல்லாத்தையும் சி மொழியிலே எழுதி எழுதியே எனக்குத் தலை நரைச்சிருக்கு. சரி, இவங்களுக்கு நம்மளை யாருன்னு தெரியலைன்னு மூடிட்டேன்."

"தப்பு என்னோடதுதான் சார். அந்தக் காலி லிஸ்ட் ஒவ்வொரு தடவையும் புதுசா வரதில்லை. ஒரே தடவை உருவாகுது, ரெண்டு அறைக்கும் அதேதான்."

"எங்க சி மொழியிலே ஒரு தடவை உருவாகி அப்படியே தங்குமே, அந்த ஸ்டாடிக் மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அதான் நம்பர் ஒண்ணாவே வந்தது. நான் என் கண்ணையே நம்பலை. இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே மேடம்."

பிறகு திருத்தத்தைப் பேசினார்கள். தாடிக்காரர் சொன்ன வழியும் இங்கே உதவாது. கூப்பிடும்போதெல்லாம் புதுப் பட்டியல் உண்டானால் முந்தைய அளவுகள் தங்காது, சராசரிக்கு ஒரே அளவுதான் மிஞ்சும். அறைக்கு ஒரு பட்டியலை வெளியே வைத்துக்கொண்டு, கூப்பிடும்போது அதைக் கையில் கொடுத்துவிட வேண்டும். பெரியவர் அவள் முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டார். அப்புறம் குரலைச் சற்றுத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு மேடம். அந்தச் சதுர அடைப்புக்குள்ளே மைனஸ் பத்து, ஒரு முக்காற்புள்ளி. அது மட்டும் எனக்குப் புரியவே இல்லை."

அது பைத்தான் பாடத்தின் முதல் வாரம். அக்கா குரலில் வியப்பைக் காட்டாமல், பட்டியலின் கடைசிப் பத்து அளவுகளை மட்டும் எடுப்பது என்று சொன்னாள். அன்று மாலை இளஞ்சூட்டு நீரில் முதல் அறையின் வெப்ப உணரியை நனைத்துச் சோதித்ததாகவும் மணி அடித்ததாகவும் பெரியவர் எழுதினார். சரக்கு காலையில் பத்திரமாக உள்ளே போனது.

விஷயம் மேலாளர் காதுக்கு எட்டியது. அவர் நல்லவர், தீர்வுகளில் அளவு கடந்த நம்பிக்கை உள்ளவர். இனிமேல் கேள்வி அனுப்புகிறவர் புதியவர், இடைநிலை, தேர்ந்தவர் என்ற மூன்றில் ஒன்றைத் தட்டியே ஆக வேண்டும் என்றார்.

"அந்தப் பெரியவர் எதைத் தட்டுவாரு சார்?" என்று அக்கா கேட்டாள்.

மேலாளர் யோசித்தார். ஆனால் மூன்று பொத்தான்களும் ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்தன.

அதன்பின் அக்காவின் பதில்கள் மாறின. முதல் வரியில் நேரான விடை. அடுத்து, செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை. கடைசியில், இதை எங்கே பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி. ஆளை அளக்காமல் வேலையை விசாரிக்கும் கேள்வி. அதற்கு வருகிற பதிலில் இலையின் அளவு தானாகத் தெரிந்துவிடும். பொத்தானில் என்ன தட்டியிருக்கிறார்கள் என்று அவள் பார்ப்பதே இல்லை.

சில மாதம் கழித்து, தரவுத்தளக் குழுவிடம் அவளே ஒரு கேள்வி அனுப்ப வேண்டி வந்தது. கோட் துண்டை ஒட்டினாள். மூன்று பொத்தான்கள் வந்து நின்றன. அந்த அறையிலேயே அதிக வருடம் கோட் எழுதியவள் அவள்தான், தரவுத்தளம் மட்டும் அவளுக்குப் புதிது. தாடிக்காரர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்க, புதியவர் என்பதைத் தட்டினாள்.

"என்னக்கா இது?" என்றார் அவர்.

அக்கா அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள்.