புதுநன்மைக்கு மறுத்த லீவு

எங்கள் பனியன் கம்பெனியில் லீவு கேட்டால் யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். "பாக்கலாம்" என்பார்கள். கொடுத்த சீட்டு மேசை டிராயருக்குள் போகும், அங்கேயே கிடக்கும். கேட்டவர் ஊருக்குப் போய்விட்டால் பதிவேட்டில் ஆப்சென்ட். போகாவிட்டால் எல்லோருக்கும் நல்லது. இதனால் கேட்கிறவர்களும் உண்மையைச் சொல்லாமல் சாவைச் சொல்லப் பழகிவிட்டார்கள். அயர்ன் செக்ஷனில் ஒருவருக்கு மாமனார் மூன்று முறை செத்திருக்கிறார். நான் இரண்டு முறை துக்கம் விசாரித்திருக்கிறேன்.

நான் அங்கே லைன் சூப்பர்வைசர். அதற்கு முன் பதினொரு வருடம் அதே லைனில் டைலர். சேவூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தவள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சூப்பர்வைசர் ஆனதும் நானும் "பாக்கலாம்" சொல்லக் கற்றுக்கொண்டேன். அந்தச் சொல் நாக்கில் வழுக்கிக்கொண்டு வரும், சுளுவான வேலை.

என் லைனில் கழுத்துப் பட்டை தைக்க இரண்டே மிஷின். பனியன் கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டையை மடித்து ஓட்டும் பிளாட்லாக் அது. எல்லோருக்கும் கை வராது. ஒன்றில் ஒடிசாப் பையன், இன்னொன்றில் திசையன்விளைப் பக்கத்துக்காரி ஒருத்தி. முப்பது வயது இருக்கும். புருஷன் பல்லடத்தில் விசைத்தறியில். ஒரே மகள், ஒன்பது வயது, ஊரில் இவளுடைய அக்கா வீட்டில் வளர்ந்தாள்.

அந்த மகளுக்குப் புதுநன்மை வந்தது. கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி, பிறகு வீட்டில் விருந்து. ஒரு மாதத்துக்கு முன்பே, டீ நேரத்தில், கப்பை ஊதிக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் வேறு ஏதோ பண்டிலை எண்ணிக்கொண்டிருந்தேன். "பாக்கலாம் கண்ணு" என்றேன். சத்தியமாக மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. ஊருக்கு போன் போட்டு, வெள்ளிக்கிழமையே வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

இடையில் ஒடிசாப் பையன் எழுத்தில் லீவு கேட்டான். தங்கச்சி கல்யாணம், ரயில் டிக்கெட்டும் கையில். கையெழுத்துப் போட்டேன். அதே வாரம்தான் இவளுடைய வெள்ளி, சனி என்பது எனக்கு உறைத்தது, திங்கட்கிழமை அவள் சீட்டை நீட்டியபோது. அடக் கடவுளே என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆள் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். அது பாஸ் ஆனால் அன்றைக்கே பெட்டி லாரி ஏறி, கப்பலுக்காகத் தூத்துக்குடி போக வேண்டும். இரண்டு கழுத்து மிஷினும் ஒரே நேரத்தில் நின்றால் ஆர்டர் படுத்துவிடும். மேனேஜரிடம் சீட்டைக் காட்டினேன்.

"வச்சுக்கங்க. பாக்கலாம்னு சொல்லுங்க," என்றார்.

"ஏனுங்க சார், புள்ளைக்கு வாழ்க்கையில ஒருக்கா வர்றது. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிப்போடலாமுங்க. அவளாவது ஒரு வழி தேடுவா."

"முடியாதுன்னா நாளைக்கே வேற கம்பெனிக்குப் போயிருவா. ஒவ்வொரு கேட்டுலயும் டைலர் தேவைன்னு போர்டு தொங்குது."

"பாக்கலாம்னு சொன்னா வெள்ளிக்கிழமை காலைல போயிருவாளுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பினார். கணினியைப் பார்த்தார். அதுவே அவருடைய பதில்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி டீக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, துணி ரோல் அடுக்கியிருக்கும் பக்கம் நிறுத்தினேன். பீடிகை போடவில்லை. போட்டால் நானே வழுக்கிவிடுவேன் என்று பயம்.

"வெள்ளி, சனி ரெண்டு நாளும் உனக்கு லீவு தர முடியாது கண்ணு."

அவள் முகம் சட்டென்று இறுகியது. "பாக்கலாம்னு சொன்னியளேக்கா?"

"சொன்னேன். மறந்துபோட்டேன். என்ற தப்பு. நீ சொன்னத அன்னைக்கே எழுதி வாங்கியிருக்கணும். வாங்காம அவனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப அவன் டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொன்னா அது அவனுக்குச் செய்யற பாவம். ரெண்டு பேரும் இல்லீன்னா கழுத்துப் பட்டைக்கு ஆளில்ல. சனிக்கிழமை இன்ஸ்பெக்ஷன். பெட்டி தூத்துக்குடிக்குப் போகோணும்."

"பனியன் எங்க ஊருப் பக்கம் போவுது, நான் போவக்கூடாதா? நல்லா இருக்குக்கா உங்க நியாயம்!"

அவள் விடவில்லை.

"நான் போவேன். வேலைய விட்டுட்டுப் போவேன். எம் பிள்ள தனியா நிக்கணுமா கோயில்ல?"

"தனியா நிக்க வேண்டாம். பூசை எத்தனை மணிக்கு?"

"ஞாயித்துக்கிழம எட்டு மணி."

மாற்று வழியை முன்னமே யோசித்து வைத்திருந்தேன். சனிக்கிழமை ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்ததும் அவள் கிளம்பலாம். அன்றைக்கு ராத்திரி வரை இழுக்கும் ஒன்றரை ஷிப்ட் கிடையாது, எவர் சொன்னாலும் கிடையாது. பல்லடம் ரோட்டில் ஏழு மணி பஸ் பிடித்தால் விடியும்போது ஊர். வெள்ளி, சனிக்குப் பதிலாகத் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு. விருந்தைத் திங்களுக்குத் தள்ளி வைக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார்களாம். மகளை அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதாகப் பேச்சாம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை. பிறகு, "எழுதித் தாங்க" என்றாள்.

எழுதினேன். இன்ன காரணத்தால் இந்த இரண்டு நாள் மறுக்கப்படுகிறது, அந்த இரண்டு நாளும் அவள் லீவுக் கணக்கிலேயே இருக்கும், சனிக்கிழமை ஐந்தரைக்கு அனுப்பப்படுவார், மூன்று நாள் லீவு உண்டு. கீழே என் கையெழுத்து. ஒரு நகலை அவளிடம் கொடுத்துவிட்டு மற்றதை மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"பாக்கலாம்னு மட்டும் சொல்லுங்கன்னுதானுங்க சொன்னேன்!" என்று குதித்தார்.

"கேட்டவ மனுசிங்க சார். பதிலும் மனுசி மாதிரிதான் குடுக்கோணும்," என்றேன். சூடாகத்தான் சொன்னேன். வருத்தமில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. மிஷின்தான் பேசியது. பட்டை ஒரு நூல் விலகாமல் ஓடியது. ஒடிசாப் பையன் மிஷினில் அடிமடிப்புத் தைக்கும் ஒருவரை உட்கார வைத்திருந்தேன். அவருக்குப் பழக்கமில்லை, தட்டுத்தடுமாறித்தான் தைத்தார்.

சனிக்கிழமை காலையில் வர வேண்டிய இன்ஸ்பெக்ஷன் ஆள் மூன்று மணிக்கு வந்தார். நாலரைக்குச் சின்ன சைஸ் பீஸ் ஒன்றின் கழுத்தை இரண்டு கையாலும் இழுத்தார். படக்கென்று நூல் விட்டது. அடுத்ததும் விட்டது. தற்காலிக ஆள் நூலை இறுக்கி வைத்துத் தைத்த பீஸ்கள். சின்ன சைஸ் முழுவதும் ஃபெயில். பிரித்து, புதுப் பட்டை வெட்டி, மறுபடி ஓட்ட வேண்டும்.

மேனேஜர் லைனுக்கே வந்துவிட்டார். "அந்தப் பொண்ண நிறுத்துங்க. முடிச்சிட்டுத்தான் போகோணும்."

"அவ போவாளுங்க."

"நீங்க எழுதிக் குடுத்தது. கம்பெனி குடுக்கல."

"கம்பெனி எனக்குக் குடுத்த பேனாவுலதானுங்க எழுதினேன். எழுதினது எழுதினதுதான்."

லைனில் ஒவ்வொரு மிஷினாக நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் எழுந்து நின்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் வாய் திறந்தாள். "ஏக்கா... நான் இருந்து முடிச்சிக் குடுத்திட்டே போவட்டா?"

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. மறுத்ததை வாங்கிக்கொண்டு, காரணத்தையும் ஏற்றுக்கொண்டு, கடைசியில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்க நிற்கிறாளே!

"பேசாம போடி! பையத் தூக்கு! மணி அஞ்சரை!"

பையைத் தூக்கினாள். போனாள். நான் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "பீஸ் போடுங்க. நான் ஓட்டுறேன்," என்றேன். பதினொரு வருடக் கை. மறக்குமா? முதல் பத்துப் பீஸில் கொஞ்சம் தடுமாறினேன், பிறகு ஓடியது.

ஆறரை வாக்கில் மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் கோபமில்லை, களைப்புத்தான்.

"நிறுத்திக்கங்க. அடுத்த கப்பல்ல இடம் கெடச்சிருச்சு. பையர் ஆபீசும் சரின்னுட்டாங்க. செவ்வாக்கெழமை மறு இன்ஸ்பெக்ஷன்."

என் கால் பெடலிலிருந்து தானாக எழுந்தது. "எவ்வளவு நேரம் பேசுனீங்க?"

"பத்து நிமிசம் இருக்கும்."

"திங்கக்கெழமை இதையே கேட்டிருந்தா?"

"கெடச்சிருக்கும்னு வைங்க." அவர் மழுப்பவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். "ஆனா ஒரு டைலர் லீவுக்காக எவனுங்க கப்பல்காரனுக்குப் போன் போடுவான்?"

கத்தரியைப் பலகையில் ஓங்கி வைத்தேன். கழுத்து மிஷின் அதிர்ந்தது. அவரைத் திட்ட வாய் வரை வந்தது. ஆனால் அந்தக் கப்பல் தேதியைக் கல்லில் வெட்டின மாதிரி அவளிடம் போய்ச் சொன்னது நான். அதை மாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்காதவளும் நான். அவர் செய்யாதது பாதி, நான் செய்யாதது பாதி.

வியாழக்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தாளாம். கைப்பேசியில் மகளின் படம் காட்டினாள். பூமுடி சற்றுச் சாய்ந்திருந்தது. சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. நல்லதாகப் போய்விட்டது, இதோடு விட்டுவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. விடவில்லை. மறுத்தவள் நான்தானே, முழுதும் நானே சொல்ல வேண்டும்.

"கண்ணு, நான் சொன்ன காரணம் நிக்கல. கப்பல் தேதிய மாத்த முடிஞ்சிருக்குது. கேட்டிருந்தா உனக்கு வெள்ளிக்கெழமையே லீவு கெடச்சிருக்கும். நான் கேக்கல."

கைப்பேசியை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"சனிக்கிழம கோயிலுக்கு அவ தனியாத்தான் போயிருக்காக்கா. எல்லாப் பிள்ளையும் அம்மா கையப் புடிச்சிட்டு நின்னுச்சாம். இவ பக்கத்துல நின்ன பிள்ளையோட அம்மா சேலையப் புடிச்சிட்டு நின்னாளாம்."

சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்து பட்டையை மாட்டினாள். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றிலிருந்து லைனில் யார் லீவு கேட்டாலும், முடியாது என்ற சொல்லை நான் உடனே எடுப்பதில்லை. சீட்டோடு நேரே மேனேஜர் அறைக்குப் போவேன். முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். "போன் போடுங்க சார், நான் இருக்கேன்," என்பேன். அவர் பல்லைக் கடிப்பார். போடுவார். போடுகிற வரைக்கும் நான் எழுந்திருப்பதில்லை.