ஞானரத்தினத்தின் மேகப் பெட்டி

ஸ்ரீவில்லிபுத்தூரில் விவசாயப் பொருட்காட்சி நடந்தபோது, புகைப்படக் கொட்டகையின் ஒரு தட்டியில் ஞானரத்தினம் எடுத்த நான்கு படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். ராஜபாளையம் சந்தைத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த அவருக்கு அது பெருமைதான். கல்யாணத்துக்கு எடுத்த சில்க் ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, மனைவி பரிபூரணத்தையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

முதல் படம் ஆண்டாள் கோயில் கோபுரம். இரண்டாவது, ஒரு கிராமத்துக் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில். மூன்றாவது, ராஜபாளையத்து முதலாளி வைகுண்டராஜின் பஞ்சு ஜின்னிங் பேக்டரி. நான்காவது, தளவாய்புரத்தில் செத்துப்போன ஒரு பண்ணையார், தன் வயலில் நிற்பதுபோல.

கடலை விற்க வந்த ஒரு பொம்பளை கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கையும் பார்த்தாள். பிறகு கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

"ஏட்டி, இங்க வந்து பாரு! நாலு படத்துலயும் ஒரே எருமை படுத்துக் கிடக்கு!"

நான்கு படங்களிலும் ஒரே மேகம். முதுகு வளைந்து, முகத்தைத் திருப்பி, வாலைக்கூட நீட்டியிருந்தது. அதுவரை ஞானரத்தினத்துக்கு அது கம்பீரமான மேகமாகத்தான் தெரிந்தது. அன்று முதல் எருமையாகத்தான் தெரிந்தது.

அவர்மேல் முழுக்கத் தப்பு சொல்லவும் முடியாது. அந்தக் காலத்துக் கண்ணாடிப் பிளேட்டுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். கோபுரத்துக்குச் சரியாக வெளிச்சம் கொடுத்தால் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துவிடும். அதனால் மேகத்தைத் தனிப் பிளேட்டில் குறைந்த வெளிச்சம் கொடுத்து எடுத்து வைத்துக்கொண்டு, அச்சிடும்போது முதலில் கோபுரத்தைக் காகிதத்தில் இறக்கி, பிறகு கோபுரத்தை அட்டை வெட்டி மறைத்து, வெளுப்பாயிருக்கிற மேல்பாகத்தில் மட்டும் மேகத்தை இறக்குவார்கள். எல்லா ஊரிலும் நடக்கிற காரியம். ஞானரத்தினத்திடம் நல்ல மேகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனால் எல்லோருக்கும் அதையே போட்டார்.

"ஏம்ப்பா ரத்தினம், இந்த எருமைக்கு வேற போக்கிடம் இல்லையா?" என்றார் வைகுண்டராஜ். "கோயில் மேலயும் படுத்திருக்கு, வேதக்கோயில் மேலயும் படுத்திருக்கு. தேவுடா, எம் பேக்டரி மேலயுமா? பாரு, எங் கட்டடத்து நெழலு கெழக்கே விழுது. எருமைக்குக் கெழக்கேருந்து வெயில் அடிக்குது. எனக்கு மட்டும் ரெண்டு சூரியனா?"

வேதக்கோயில் உபதேசியாருக்கு வேறு கோபம். அஞ்ஞானிகளின் கோபுரத்துக்கு மேல் கிடந்த மேகத்தைக் கர்த்தருடைய ஆலயத்துக்கு மேல் எப்படிப் போடலாம் என்றார். கோயில் தரப்பு ஆளும் அதையே திருப்பிக் கேட்டார். பல வருஷமாகப் பேசிக்கொள்ளாத அந்த இரண்டு பேரும் அன்றைக்கு ஒன்றாக நின்று ஞானரத்தினத்தைத் திட்டினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பரிபூரணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள்.

"சிரிக்காத" என்றார்.

"நான் சிரிக்கல. பால் கறக்குமான்னு யோசிச்சேன்."

மறுநாளே ஞானரத்தினம் மேகம் பிடிக்கக் கிளம்பிவிட்டார். காமிரா, கட்டை ஸ்டாண்டு, லென்சுக்கு முன்னால் மாட்டுகிற மஞ்சள் கண்ணாடி. மஞ்சளை நன்றாக வாங்கிக்கொள்ளும் புதுவகைப் பிளேட்டும் மதுரையிலிருந்து வரவழைத்தார். அந்த இரண்டும் சேர்ந்தால் நீலம் சற்றுக் கறுத்து மேகம் பிரிந்து நிற்கும். ஆடி மாதத்தில் மேற்கு மலைமேல் மேகம் மூட்டை மூட்டையாக ஏறும். ஆசை தீர எடுத்தார்.

முதல் பருவத்தில் எடுத்தது பெரும்பாலும் வீண். எல்லாவற்றின் அடியிலும் மலை இருந்தது. அதைப் போட்டால் கோபுரத்துக்குப் பின்னால் இல்லாத மலை முளைக்கும். வெளிச்சத்தின் திசையை மாற்றுவதற்காகப் பிளேட்டை இடவலம் புரட்டி அச்சிட்டால் மலையும் புரண்டு போகும். மாடு மேய்க்கிறவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். சரி என்று காமிராவை அண்ணாந்து பார்க்க வைத்து எடுத்தார். தலைக்கு நேர் மேலே இருக்கிற மேகத்தைக் கொண்டுவந்து கட்டடத்துக்குப் பின்னால் வைத்தபோது, கட்டடமே மல்லாக்க விழுகிற மாதிரி இருந்தது. அடிவானத்தில் மேகம் சிறுத்து, தட்டையாக, நெருங்கிக் கிடக்கும். மேலே போகப் போகப் பெருக்கும். அந்த வரிசை கெட்டால் படம் கெடும்.

அதற்குப் பிறகு கிழக்கே சோழபுரம் பக்கம் கரிசல் வெளிக்குப் போனார். அங்கே மலையும் இல்லை, மரமும் இல்லை. அடிவானத்தைப் பிளேட்டின் கீழோரத்தில் கோடுபோல வைத்து, காலையிலும் உச்சியிலும் சாயங்காலத்திலும், சூரியனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று எடுத்தார். டெவலப்பரில் அதிக நேரம் விடாமல் இளசாகவே கழுவி எடுத்தார். முற்றிய மேகம் அச்சில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி விழும்.

சோழபுரத்திலேதான் சுவர் பைத்தியமும் பிடித்தது. செத்தவருக்குத் தனிப் படம் வேண்டும் என்று வீட்டார் வருவார்கள்; கூட்டப் படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்து நிறுத்த, பின்னால் ஏதாவது வேண்டுமே. உதிர்ந்த காரைச் சுவர், பாறை, கண்மாயின் வெடித்த மண், சரளைத் தரை என்று தேட ஆரம்பித்தார். வெயில் சாய்வாக விழும் நேரம்தான் சுவரில் மேடு பள்ளம் தெரியும். ஒரு காலையில் மாரியாத்தாள் என்ற அம்மாள் வீட்டு முன்னால் ஸ்டாண்டை ஊன்றினார். அவள் உள்ளே ஓடி, சேலை மாற்றி, பூ வைத்து, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"செத்த தள்ளி நில்லுங்க, ஆத்தா."

"இம்புட்டுப் போதுமா?"

"இன்னும் தள்ளி."

தள்ளித் தள்ளி அவள் மாட்டுத்தொழுவத்துக்கே போய்விட்டாள். அவர் துணிக்குள் தலையை விட்டுச் சுவரை எடுத்தார்.

"ஏலே, என்னைய விட எஞ் செவரு அழகாவா இருக்கு?" என்று அவள் போட்ட சத்தத்தில் ஊர் கூடிவிட்டது. கடைசியில் அவளையும் ஒரு படம் எடுத்த பிறகுதான் ஸ்டாண்டை எடுக்க விட்டார்கள். சுவர் படம்தான் நன்றாக வந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

பிளேட்டுகள் சேர்ந்தன. பள்ளம் வெட்டிய மரப்பெட்டிகள் செய்து, படுக்கப் போட்டால் பாரத்தில் விரிசல் விடும் என்று நிமிர்த்தி அடுக்கினார். மேகங்களுக்கு வேதாகமத்திலிருந்து பெயரும் வைத்தார்: 'மகிமை', 'மோட்ச வாசல்', 'நியாயத்தீர்ப்பு'. உறைமேல் அழகான கையெழுத்தில் எழுதினார்.

ஒரு கல்யாணப் படத்துக்குக் காலை வானம் தேவைப்பட்டபோதுதான் வினை தெரிந்தது. ஒவ்வொன்றாக உருவி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதில் இரண்டு உடைந்தன.

பரிபூரணம் துடைப்பத்தோடு வந்தாள். "நியாயத்தீர்ப்பு காலைலயா நடக்கும், சாயங்காலமா?"

"என்ன கேள்வி இது?"

"அதானே வேணும் ஒங்களுக்கு? பேரு வச்சா போதுமா? வெயில் எங்கேருந்து வருதுன்னு எழுத வேண்டாமா? நான் மொளகாயையும் மல்லியையும் அழகு பாத்தா டப்பால போடுறேன்?"

அவருக்குக் கோபம்தான். ஆனாலும் அன்றைக்கே பெட்டிகளைக் காலி செய்து பிளேட்டுகளை வகை பிரித்தார். இடப்பக்கச் சூரியன் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி, சூரியனுக்கு எதிரே பார்த்தது ஒரு பெட்டி. அதற்குள் ஏறுவெயில், உச்சிவெயில், இறங்குவெயில். ஒவ்வொரு மேகத்துக்கும் சின்ன அச்சு எடுத்து உறைமேல் ஒட்டினார். பிளேட்டைத் தொடாமலே தேடலாம். எந்த மேகத்தை எந்த வாடிக்கைக்காரருக்குப் போட்டோம் என்பதையும் உறையின் பின்னால் எழுதினார். ஒட்டிய பசைக்கு வந்த கரப்பான் ஒன்று 'மகிமை'யின் நடுவில் பிளேட்டில் பூசிய மருந்தைச் சுரண்டித் தின்றுவிட, அச்சில் மகிமைக்குள் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பு ஓட்டை விழுந்தது. அதன்பிறகு பெட்டி மூடிகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினார்.

இப்படி இருக்கும்போது வைகுண்டராஜ் நூல் மில் கட்டி முடித்தார். திறப்பு விழா நெருங்கிவிட்டது. சித்திரை வெயில். வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை.

"மில்லு படம் ஒண்ணு, ஆள் ஒசரத்துக்கு வேணும்" என்றார். "பழைய பிராணியக் கொண்டு வந்தேன்னா ஸ்டுடியோவப் பூட்டிருவேன்."

காலையில் எடுத்தார். முற்றமெங்கும் கட்டட வேலைக் குப்பையும் ஆடுகளும். அதை மறைக்க, அதே உயரத்தில் காமிராவை வைத்து எடுத்திருந்த சரளைத் தரைப் பிளேட் பொருந்தியது. வானத்துக்கு ஏறுவெயில், வலப்பக்கம். பெட்டியிலிருந்து முதலில் உருவிய மேகத்தின் நுனி வலப்பக்கம் இழுபட்டிருந்தது. வெள்ளோட்டம் விட்டிருந்த மில்லின் புகைக்கூண்டுப் புகையோ இடப்பக்கம் சாய்ந்தது. ஒரே வானத்தில் இரண்டு காற்று அடிக்காது. அதைத் திருப்பி வைத்துவிட்டு, மெலிந்த வெண்மேகக் கூட்டம் ஒன்றை எடுத்து அச்சிட்டார். பார்க்கிறவனுக்கு ஒட்டு தெரியாது.

வைகுண்டராஜுக்குப் பிடிக்கவில்லை. "என்னப்பா இது, சப்புன்னு இருக்கு? நல்ல கருமேகமா, இடி இடிக்கிற மாதிரி இல்லையா?"

"இருக்கு மொதலாளி. ஆனா கீழ வெயில் கொளுத்துது, ஒவ்வொரு தூணுக்கும் நெழலு வெட்டுன மாதிரி விழுந்திருக்கு. மேல இடி இடிச்சா நல்லாவா இருக்கும்?"

"எம் மில்லு, எம் மழை. போடு."

போட்டார். மழை மேகம் புகைக்கூண்டுக்கு மேல் கறுத்துத் திரண்டு, உலகமே முடியப்போகிற மாதிரி நின்றது. ஆபீஸ் முன் அறையில் மாட்டினார்கள். விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள்.

அதற்கடுத்த வாரம் நூல் வாங்க மதுரையிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். "ஒங்க ஊருல இப்படித்தான் எப்பவும் மழையா? பஞ்சு ஈரம் தாங்குமா? நூலு பூஞ்சை பூத்துப் போகாதா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்.

சாயங்காலம் வைகுண்டராஜ் வண்டியை அனுப்பாமல் தானே நடந்து ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்த மொதப் படம் இருக்கா?"

"இருக்கு மொதலாளி."

"எடுத்துக் குடு. யார்ட்டயும் சொல்லாத."

ஞானரத்தினம் யாரிடமும் சொல்லவில்லை. பரிபூரணம் சந்தைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

யுத்தம் வந்து பிளேட் கிடைப்பது அரிதானபோது, மேகத்துக்கென்று பிளேட் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோக்காரர் பால்துரை, பொருட்காட்சியில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், ஒருநாள் குடையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு சாயங்கால வானம் இருக்குமா? பொறவு கொண்டாந்து குடுத்திருதேன்."

ஞானரத்தினம் வாயைத் திறக்குமுன் பரிபூரணம் குறுக்கே வந்தாள். "சூரியன் எந்தப் பக்கம்?"

பால்துரை விழித்தார். "அது... பாக்கலையே."

"போயி பாத்துட்டு வாங்க."

பால்துரை மறுபடியும் பஸ் ஏறி ஊருக்குப் போய், படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் வந்தார். இடப்பக்கம், இறங்குவெயில். ஞானரத்தினம் பெட்டியைத் திறந்து, உறைகளை விரலால் தள்ளி, தேடாமலே ஒன்றை உருவிக் கொடுத்தார். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பால்துரை பஸ்ஸில் ஏறினார். "தம்பி, பள்ளத்துல மெல்ல விடு, மடியில வானம் இருக்கு" என்று அவர் டிரைவரிடம் சொன்னதைக் கேட்டு ஞானரத்தினம், பல வருஷத்துக்குப் பிறகு, நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார்.